கழுவித் திரும்பிய கேரியர்கள்

நாச்சியாருக்கு எச்சில் பாத்திரம் பார்க்கப் பிடிக்கும். கேட்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். ஆபீஸ்களுக்கு மாதச் சந்தாவில் மதியச் சாப்பாடு அனுப்புகிறவளுக்கு அதைவிட உண்மையான தகவல் வேறெங்கும் கிடைக்காது. மூன்றடுக்குக் கேரியர் பதினொரு மணிக்கு நிறைந்து போகும், சாயங்காலம் காலியாக வரும். மூடியைத் திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும். குழம்புக் கிண்ணத்தில் விரல் வழித்த தடம் இருந்தால் நல்லது. பொரியல் அப்படியே மூலையில் குவிந்து கிடந்தால் அந்தக் காய் இனி அந்த ஆபீசுக்கு வேண்டாம். சோறு பாதி மிஞ்சினால் ஆளுக்கு உடம்பு சரியில்லை, அல்லது வேறெங்கோ பிரியாணி கிடைத்திருக்கிறது.

அதனால் அவள் யாரிடமும் சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டதே இல்லை. கேட்டால் வாடிக்கையாளருக்குக் குறை சொல்ல நாமே நாற்காலி போட்டுக் கொடுத்ததாகிவிடும் என்பது அவள் கட்சி. எச்சில் பாத்திரம் சொல்லட்டும், அது பொய் சொல்லாது.

அந்த எச்சில் பாத்திரம்தான் சில வாரங்களாகக் கழுவித் துடைத்துப் பளபளவென்று திரும்பி வந்துகொண்டிருந்தது.

மலையாள நாட்டுத் தலைநகரில், ஸ்ரீவராகம் என்ற பகுதியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து நாச்சியார் இந்தச் சமையலறையை நடத்தி வந்தாள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கணவர் மஸ்கட்டில். உதவிக்கு வடிவம்மாள் என்று ஒரு சமையல்காரி. சாப்பாட்டை எடுத்துப் போக வன்னியராஜ் என்று ஒருவன், சொந்தப் பெட்டி ஆட்டோ வைத்திருப்பவன், சங்கரன்கோவில்காரன், தொழில் தொடங்கின நாளிலிருந்து கூட இருப்பவன். ஈஞ்சக்கல்லில் ஏறி பைபாஸ் வழியாகச் சாக்கை, அங்கிருந்து கழக்கூட்டம், இதுதான் லைன். கடைசியில் இறங்க வேண்டிய கேரியர் வண்டியில் முதலில் ஏற வேண்டும், முதலில் இறங்குவது கதவோரம் இருக்க வேண்டும். ஒவ்வொரு மூடியிலும் ஆபீசுக்கு ஒரு நிறத்தில் பெயின்ட் பொட்டு, ஆளுக்கு ஒரு எண். கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தால் வெங்காயம், பூண்டு கிடையாது. நீல நூல் கட்டியிருந்தால் உப்புக் குறைவு.

கடைசியாக இறங்கும் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிதான் பெரிய வாடிக்கை. மொத்தக் கேரியர்களில் பாதிக்கு மேல் அங்கேதான் போயின. மறுநாள் லீவு என்றால் முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்குள் வாட்ஸப்பில் சொல்லிவிட வேண்டும், அந்த நாள் மாதப் பில்லில் கழிந்துவிடும். ஏழுக்கு மேல் சொன்னால் அரிசி நனைந்தாகிவிட்டது, கழிக்க முடியாது. கம்பெனிக்கு மொத்தமாக ஒரே பில். அதை வாங்கிச் சரிபார்த்துப் பணம் போடுவது அட்மினில் இருக்கும் பத்மப்ரியா. அந்த ஒரு கம்பெனி நின்றால் அடுப்பையும் நிறுத்த வேண்டியதுதான்.

"என்னடே வன்னியராஜு, கேரியர் எல்லாம் இப்படி மின்னுது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

வன்னியராஜ் கேரியர்களை இறக்கிக்கொண்டே, "ஆபீஸ்ல பைப் இருக்குல்லாக்கா, அவங்களே கழுவித் தாராங்க" என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். நல்ல ஆளுக."

நாச்சியாருக்கு இந்த ஊர் ஆபீஸ்காரர்களைத் தெரியும். சாப்பிட்டு முடித்தால் மூடியைச் சரியாகப் போட மாட்டார்கள். ஒருவனுடைய கேரியரில் ஒரு தடவை காதில் மாட்டும் ஹெட்போன் வந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் திடீரென்று ஒரு நாள் வரிசையில் நின்று, சோப்புப் போட்டு, கிளிப்பின் இடுக்கில் கறை இல்லாமல் கழுவித் தருகிறார்களாம். இதை நம்பவா நாச்சியார் பிறந்தாள்?

ஆனாலும் முதலில் அந்தப் பளபளப்பு அவளுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அதற்கு முந்தின மாதம் கேரியர்கள் வேறு மாதிரி வந்தன. குழம்பு முக்கால்வாசி மிச்சம், கூட்டு தொட்டதோடு சரி, தயிர் மட்டும் காலி. அப்போது வடிவம்மாளோடு கௌசல்யா என்று இன்னொருத்தியும் சமையலில் இருந்தாள். சாம்பார் இறக்கும் நேரத்தில் கடைசி உப்பு போடுவது எப்போதும் நாச்சியார்தான், அந்தக் கரண்டியை அவள் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. ஒரு நாள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு அவள் உப்புக் கையை நீட்டியபோது, கௌசல்யா குறுக்கே வந்தாள்.

"அக்கா, உப்பு இப்பவே தூக்கலா இருக்கு. இனி போடண்டாம்."

"எனக்குத் தெரியாத உப்பா உனக்குத் தெரிஞ்சிட்டு?"

"நீங்க வேணும்னா இன்னொரு தடவை பாருங்கக்கா."

இன்னொரு தடவை பார்த்தாள். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. நாச்சியாருக்குச் சுருக்கென்றது. மணக்காட்டில் புதிதாக ஒருவன் இதே மாதிரி ஆபீஸ் சாப்பாடு தொடங்கியிருந்தான், கௌசல்யாவின் சித்தி மகன் அங்கேதான் வேலை செய்தான். உப்பில்லாத சாப்பாட்டை அனுப்ப வைத்து வாடிக்கையைக் கலைத்து அங்கே திருப்பி விடப் பார்க்கிறாள் என்று நாச்சியாருக்கு அந்த அடுப்படியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பினாள். கௌசல்யா அழுதுகொண்டே போனாள். வடிவம்மாள் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

அவள் போன மறுவாரத்திலிருந்து கேரியர்கள் காலியாகத் திரும்பின. "பாத்தீரா, களை போனதும் பயிர் நிமிந்துட்டு" என்று நாச்சியார் வடிவம்மாளிடம் சொல்லிச் சிரித்தாள். காலியாக வருவதற்கும் கழுவி வருவதற்கும் உள்ள வித்தியாசம் உறைக்க அவளுக்குச் சில நாள் ஆயிற்று.

இப்போது சந்தேகம் வந்துவிட்டது. நாச்சியாருக்கு ஒரு சந்தேகம் வந்தால் அது தனியாக வராது, சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

இந்தக் காலத்தில் யாரைத்தான் நம்புவது? பால் பாலாக இல்லை, காப்பி போட்டால் வெந்நீர் குடிக்கிற மாதிரி இருக்கிறது. பால்காரனை மாற்றினாள், புதியவனும் அதே திருடனாக இருந்தான். சாலைக் கடைத்தெருவில் யூசுப்பின் கடையில்தான் வருஷக்கணக்காகப் பெருங்காயம் வாங்கிக்கொண்டிருந்தாள். போன மாதம் அந்தப் பொட்டலத்தை அவர் மேசையில் எறிந்தாள்.

"பாயி, இதுல வாசமே இல்ல. மைதா மாவை உருட்டி வச்சிருக்கீரா?"

யூசுப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து, தும்மிவிட்டார். "சேச்சி, இதுக்கு மேல வாசம் வேணும்னா நான் செடிக்குள்ளதான் போயி ஒக்காரணும்" என்றார். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நாச்சியார் சிரிக்கவில்லை. கூட்டு சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்று வேறு கடைக்குப் போனாள்.

உப்பைக்கூட இரண்டு கம்பெனி மாற்றிவிட்டாள். எவ்வளவு போட்டாலும் ஏறவே மாட்டேன் என்கிறது. உப்பிலேயே கலப்படம் செய்கிற காலம் வந்துவிட்டது என்று மஸ்கட்டுக்குப் போன் செய்து புலம்பினாள். கணவர், "உப்புல எதைட்டீ கலப்பான்? உப்பே அடக்க வெலைக்குத்தான விக்கிது" என்றார். அவருக்கு அங்கே ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு என்ன தெரியும்?

வடிவம்மாள் வேறு திடீரென்று பக்தையாகிவிட்டாள். முன்பெல்லாம் வேலை முடிந்ததும் பெரிய தட்டில் சோறு போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவாள். இப்போது செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், சனி விரதம், மிச்ச நாளில் தயிர்சாதம் மட்டும். கேட்டால், "மோனுக்கு ஒரு நேர்ச்சை உண்டு" என்பாள், மகனுக்காக வேண்டுதலாம். வேறு எங்கோ சமைத்துவிட்டு அங்கேயே சாப்பிட்டு வருகிறாளோ என்று நாச்சியார் அவள் பையை ஒரு நாள் துழாவிப் பார்த்தாள். உள்ளே ஒரு பழைய சேலையும் பஸ் டிக்கெட்டும்தான் இருந்தன. பஸ் டிக்கெட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

நீல நூல் கேட்டு வாட்ஸப் வந்த வண்ணம் இருந்தது. முன்பு கம்பெனியில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் உப்புக் குறைவு. இப்போது சாக்கையில் ஒரு கணக்காபீஸ் மொத்தமும் நீல நூல். இருபத்தைந்து வயசுப் பையனெல்லாம் உப்புக் குறைவு கேட்கிறான். ரத்தக்கொதிப்பு ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று நாச்சியார் அதுவரை அறிந்திருக்கவில்லை. நீல நூல்காரர்களுக்குத் தனிச் சட்டியில் குழம்பை எடுத்து வைத்துவிட்டுத்தான் பெரிய பாத்திரத்துக்குக் கடைசி உப்புப் போடுவாள். அந்தச் சிறிய சட்டி இப்போது பெரிய பாத்திரத்தை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. இதிலும் ஏதோ சூது இருக்கிறது, என்ன சூது என்றுதான் பிடிபடவில்லை.

இந்த நிலையில்தான் பத்மப்ரியாவிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, அடுத்த மாசம் தொடர்றதைப் பத்தி ஒண்ணு பேசணும். நேர்ல வந்தா நன்னா இருக்கும்.' நாச்சியார் உடனே போன் செய்தாள். பத்மப்ரியா மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி இழுத்தாள். பிறகு, "வன்னியராஜ் அண்ணாட்ட பேசிண்டிருக்கேன், அவர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள்.

நாச்சியார் போனை வைத்தாள். அப்படியானால் அதுதான் விஷயம்.

எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. வண்டி அவனுடையது. வழி அவனுக்குத் தெரியும். ஆபீஸ்காரர்களின் முகம் நாச்சியாருக்குத் தெரியாது, அவனுக்குத்தான் தெரியும். அவளுடைய சாப்பாட்டை வழியில் எங்கோ இறக்கி, பொட்டலம் போட்டுக் கட்டட வேலைக்காரர்களுக்கு விற்கிறான். அந்தக் கேரியரைக் கழுவி, வேறு எவளோ சமைத்த சாப்பாட்டை நிரப்பிக் கொடுத்துப் பழக்குகிறான். ஒன்றாந் தேதி வந்ததும் நாச்சியாரைக் கழற்றிவிட்டு அவனே முதலாளி. வடிவம்மாள் சமையலுக்கு. கௌசல்யா ஏற்கெனவே அங்கே இருப்பாள். நாச்சியாருக்குக் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் வந்தது. அவன் மனைவிக்குப் பிரசவம் ஆனபோது பத்தியச் சாப்பாடு பதினைந்து நாள் இந்தச் சமையலறையிலிருந்துதான் போயிற்று.

மறுநாள் வன்னியராஜின் வண்டியை வழக்கம்போல அனுப்பி வைத்தாள். இரண்டரை மணிக்கு மேல்தான் அவன் கழக்கூட்டத்தில் காலிக் கேரியர்களை எடுத்துக்கொண்டு திரும்புவான். அவள் ஒரு ஆட்டோவைப் பிடித்து ஈஞ்சக்கல் தாண்டி பைபாஸ் ஓரத்தில் நிறுத்தச் சொன்னாள். டிரைவர், "ஆரெயா நோக்குன்னது சேச்சீ?" என்று, யாரைத் தேடுகிறாள் என்று, மூன்று முறை கேட்டான். அவனையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள்.

பெட்டி ஆட்டோ வந்தது. நேராக வீட்டுக்கு வர வேண்டியது, இடது பக்கம் முட்டத்தறை வழியில் திரும்பியது. நாச்சியார் டிரைவரின் தோளைத் தட்டினாள். "பொறத்தால போடே" என்றாள்.

தென்னைகளுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. பெட்டி ஆட்டோ அதன் பக்கவாட்டில் நின்றது. வன்னியராஜ் கேரியர்களில் இருந்ததை முன்பக்கத்தில் எதிலோ கொட்டிவிட்டு, அவற்றைச் சாக்குப்பையில் தூக்கிக்கொண்டு கொட்டகையின் பின்பக்கம் போனான். பைப்புத் தண்ணீர் சத்தமும் பாத்திரம் உரசும் சத்தமும் கேட்டன. முன்பக்கம் இரண்டு பசுக்கள் கட்டியிருந்தன. ஒருத்தி பெரிய தொட்டியில் கையை விட்டு எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள். நாச்சியார் கிட்டே போய் எட்டிப் பார்த்தாள்.

தொட்டியில் சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், கோஸ் பொரியல். காலையில் தன் கையால் தாளித்த கடுகு மேலே மிதந்தது.

"பாலுக்கா வந்திய?" என்று அந்தப் பெண் நிமிர்ந்தாள். மார்த்தாண்டத்துப் பேச்சு. "சாயங்காலந்தான் கறப்பேன். என் பேரு ஜெபமலரு. நம்பர் வேணும்னா தாறேன்."

நாச்சியார் தொட்டியைக் காட்டினாள். "இது என்ன, மாட்டுக்கு நல்ல சாப்பாடா போடுறிய?"

"ஓ, இதா? ஒரு அண்ணன் கொண்டு தாறது. ஆபீசுல மிச்சம் வாறதாம். ஓசிதான், கொறை சொல்லப்பிடாது." ஜெபமலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தாள். "ஆனா எக்கா, என்னா உப்புங்கிய! முன்னால நான் அப்படியே ஊத்திக் குடுத்தேன். எனக்க பசு அன்னைக்கு ராத்திரி முழுக்க வெள்ளம் குடிச்சிட்டுக் கெடந்துது. இப்பம் நாலு வாளி வெள்ளம் விட்டு அலசித்தான் வைக்கேன். மாடே திங்காததை மனுசன் எப்படித் திம்பான்? அந்தச் சமையக்காரிக்கு நாக்கு செத்துப் போச்சோ என்னமோ, பாவம்."

நாச்சியார் குனிந்து, தொட்டியின் ஓரத்தில் அலசாமல் ஒட்டிக் கிடந்த ஒரு முருங்கைத் துண்டை எடுத்து வாயில் வைத்தாள். ஜெபமலர், "எக்கா, எக்கா!" என்று பதறினாள்.

ஒன்றும் தெரியவில்லை. சக்கையை மென்ற மாதிரி இருந்தது. நாச்சியார் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மென்றாள். கொட்டகையில் சாணம் குவிந்து கிடந்தது, இவ்வளவு நேரம் நின்றும் அதன் நாற்றம் மூக்கில் ஏறவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆட்டோ டிரைவர் எட்ட நின்று கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான்.

சித்திரை மாதத்துக் காய்ச்சல் ஞாபகம் வந்தது. ஒரு வாரம் படுத்திருந்து எழுந்தாள். வாய் கசக்கிறது, தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டாள். கசப்பு போயிற்று. அதோடு எல்லாமே போயிருக்கிறது. பாலில் தண்ணீர் இல்லை. பெருங்காயத்தில் மைதா இல்லை. உப்பு நல்ல உப்பு. அவளுக்கு அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

கழுவின கேரியர்களைச் சுமந்துகொண்டு வந்த வன்னியராஜ் அவளைப் பார்த்ததும் சாக்குப்பையைக் கீழே வைத்தான்.

"அக்கா, நான் திருடல."

"தெரியும்டே."

"ஒரு சோறு வெளிய வித்ததில்ல. வேணும்னா இவங்கள்ட்ட கேளுங்க."

"தெரியும்ங்கேன்லா!" என்று கத்தினாள். பசு கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. "ஏன்டே எங்கிட்ட சொல்லல? இத்தன நாளு கழுவிக் கழுவிக் கொண்டாந்து வச்சியே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன?"

வன்னியராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொன்னவளை நீங்க என்ன செஞ்சீங்க அக்கா?"

நாச்சியாரின் கண் கழுவின கேரியர்கள் மேல் போயிற்று.

"கௌசல்யா போன பெறகும் ஆபீஸ்லேர்ந்து கேரியர் நெறஞ்சுதான் வந்துச்சு" என்றான் அவன். "நீங்க பாத்தா அடுத்து வடிவக்காவைத்தான் அனுப்புவீங்க. அவ்வளவு வயசுக்கு மேல அவுங்க எங்க போவாங்க? அதான் இங்க ஊத்திட்டுக் கழுவுனேன். உப்புக் கொறச்சு வேணும்னு கேளுங்கன்னு ஆபீஸ்ல நான்தான் எல்லார்ட்டயும் சொன்னேன். நீல நூலுன்னா நீங்க தனியா எடுத்து வச்சிருவீங்கள்லா, அது கொஞ்சம் வாயில வைக்கலாம். அந்தக் கம்பெனி மேடத்துட்டயும், அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல, இந்த மாசம் முடியிறவரை பொறுத்துக்கோங்கன்னு கேட்டுருக்கேன்."

நாச்சியார் ஜெபமலரின் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறான் என்று நேற்று ராத்திரி எவனைத் திட்டித் தீர்த்தாளோ அவன்தான் இத்தனை நாளும் ஆபீஸ் ஆபீசாக நின்று அவளுக்காகக் கெஞ்சியிருக்கிறான். அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஜெபமலருக்கு அப்போதுதான் ஆள் யாரென்று புரிந்தது. "எனக்க மாதாவே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே நாச்சியார் பத்மப்ரியாவுக்குப் போன் செய்தாள். சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு நாக்குல ருசி போயிட்டு மக்களே. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். நாளையிலேர்ந்து வேற ஆளு உப்புப் பாப்பா. மாசம் முடியட்டும், அதுக்கப்புறம் நிறுத்தணும்னா நிறுத்திக்கோ."

பத்மப்ரியா, "அக்கா, இங்க பாதிப் பேர் மணக்காடுக்கு மாறணும்னு சொல்லிண்டிருக்கா. மாசம் முடியறவரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல எனக்கும் கஷ்டம்" என்றாள்.

பிறகு நாச்சியார் கரமனையில் கௌசல்யாவின் வீட்டுக்கு நடந்தே போனாள். கௌசல்யா மணக்காட்டில் சேரவில்லை. ஒரு துணிக்கடையில் புடவை மடித்து வைக்கிற வேலையில் இருந்தாள். கதவைத் திறந்தவள் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நாச்சியார் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மனசு நொந்து போய் நிற்கிறேன் என்றாள், தப்பு என்னுடையது, திரும்பி வேலைக்கு வா என்றாள். கௌசல்யா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"நாளைக்குப் போறேன்."

"நான் வந்தா, உப்பு போதும்னு நான் சொன்னா, அப்பறம் நீங்க கை வைக்கப்பிடாது. சம்மதமா?"

நாச்சியாருக்குக் கரண்டியைப் பிடுங்குகிற மாதிரிதான் இருந்தது. "சம்மதம்" என்றாள்.

மறுநாள் காலை சாம்பார் கொதித்தது. கௌசல்யா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, கொஞ்சம் உப்புப் போட்டுக் கலக்கி, மறுபடி பார்த்தாள். "போதும்க்கா."

"நெசமாவா?"

"நெசமா."

நாச்சியாருக்குப் பொறுக்கவில்லை. "வடிவக்கா, நீரும் ஒரு சொட்டு பாரும்" என்றாள். வடிவம்மாள் பார்த்து, "கரெக்டாயிட்டு இருக்கு" என்றாள். கேரியர் ஏற்ற வந்த வன்னியராஜையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவனும் அதையே சொன்னான். மூன்று பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, பேசி வைத்துக்கொண்டிருப்பார்களோ என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. பிறவிக் குணம் ஒரு ராத்திரியில் போகுமா? பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைப் போட்டாள்.

"டே வன்னியராஜு, இன்னைக்குக் கேரியரைக் கழுவுனே, அப்புறம் இருக்கு ஒனக்கு" என்றாள்.

கழுவவில்லை. ஆனால் அன்று வந்த கேரியர்களில் பாதி மிச்சம். ஆபீஸ்காரர்கள் பயந்து பயந்து ஓரத்தில் தொட்டிருந்தார்கள். நாச்சியார் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள், யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் கொஞ்சம் குறைந்தது. அந்த வாரக் கடைசியில் ஒரு கேரியரின் குழம்புக் கிண்ணத்தில் விரல் வழித்த தடம் அடியிலிருந்து விளிம்புவரை ஓடியிருந்தது. நாச்சியார் அந்த எச்சில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடிவம்மாள் பெரிய தட்டில் சோறு போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவள் மகனுடைய நேர்ச்சை நிறைவேறிவிட்டது போலிருக்கிறது.

மாதக் கடைசியில் லீவு நாட்களைக் கழித்துப் பில் அனுப்பினாள். அடுத்த மாதத்துக்கான பெயர்கள் பத்மப்ரியாவிடமிருந்து வந்தன. ஏழெட்டுப் பேர் மணக்காட்டுக்குப் போய்விட்டார்கள், மிச்சப் பேர் நின்றார்கள். கூடவே ஒரு வரி இருந்தது. 'நீல நூல் எல்லாம் எடுத்துடலாம் அக்கா, ரெண்டு பேருக்கு மட்டும் போறும்.' சாக்கைக் கணக்காபீசிலும் எல்லாருக்கும் ரத்தக்கொதிப்பு குணமாகிவிட்டிருந்தது.

டாக்டர் மூக்குக்கு மருந்து கொடுத்தார், நரம்பு திரும்பினால் திரும்பும், திரும்பாமலும் போகலாம் என்றார். நாச்சியார் சாலைக் கடைத்தெருவில் யூசுப்பின் கடைக்குப் போய், தலை நிமிராமல், "பாயி, அந்தப் பழைய பெருங்காயமே குடும்" என்றாள். யூசுப் பொட்டலம் கட்டினார்.

ஒன்றாந் தேதி காலை கௌசல்யா சாம்பாரை நக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"போதும்க்கா."

அடுப்படியில் வடிவம்மாள் இருந்தாள். வாசலில் வன்னியராஜும் வந்து நின்றிருந்தான், தன்னைக் கூப்பிடுவாள் என்று கையைக்கூடத் துடைத்துக்கொண்டான். நாச்சியார் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தாள். பச்சைத் தண்ணீர். கை தானாக உப்பு ஜாடியின் பக்கம் போயிற்று, போய் அதை மூடி உள்ளே தள்ளி வைத்தது.

"சரி, கட்டுங்க" என்றாள். வேறு யாரையும் கேட்கவில்லை.